ஆலை தயாரான நாளும் வட்டி நிற்கும் நாளும்

தொழிற்சாலை கட்டுவதற்காக வாங்கிய கடனுக்கு, கட்டுமானக் காலத்தில் சேரும் வட்டியை அந்தந்த ஆண்டின் செலவாக எழுதாமல், தொழிற்சாலையின் அடக்க விலையோடு சேர்த்துவிடுவதுதான் கடன் செலவை மூலதனமாக்குதல். அப்படிச் சேர்த்த வட்டி லாப நஷ்டக் கணக்குக்கு உடனே வராது. செங்கல், சிமென்ட், இயந்திரம் ஆகியவற்றின் விலையோடு ஒன்றாகி, ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒருவர் ஆலையைக் கட்டி முடித்து இன்னொருவருக்கு விற்றால், கட்டிய காலத்தில் தனக்கு ஆன வட்டியையும் விலையில் சேர்த்துத்தான் கேட்பார். வாங்குபவரின் ஏட்டில் அந்த வட்டி ஆலையின் விலைக்குள் அடங்கியிருக்கும். தானே கட்டிக்கொள்பவருக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியாது. தவிர, ஆலை ஒரு ரூபாய்கூட ஈட்டாத காலத்தின் வட்டியை அந்த ஆண்டின் லாபத்திலிருந்து கழிப்பது, வரவு ஒரு காலத்திலும் அதற்கான செலவு வேறொரு காலத்திலும் நிற்கும்படி செய்துவிடும். உற்பத்தி தொடங்குவதற்கு முன் இயந்திரங்களை வாங்கி நிறுவக் கடன் பெற்ற தொகைக்குச் செலுத்திய வட்டி, அந்த இயந்திரங்களின் அடக்கத்தில் சேரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1974இல் சல்லபள்ளி சுகர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்ததும் இந்த அடிப்படையில்தான்.

ஒரு காலத்தில் சர்வதேசத் தரமான ஐஏஎஸ் 23, வட்டியைச் செலவாக எழுதுவதா சொத்தில் சேர்ப்பதா என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 2007இல் அது திருத்தப்பட்டு, விருப்பம் நீக்கப்பட்டது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களும் பின்பற்றும் இண்ட் ஏஎஸ் 23 அதே வழியில் செல்கிறது. மற்ற நிறுவனங்களுக்குப் பழைய ஏஎஸ் 16 பொருந்தும். இரண்டிலும் நிபந்தனை நிறைவேறினால் வட்டியைச் சொத்தில் சேர்த்தே ஆக வேண்டும். நிறைவேறாதபோது சேர்க்கக் கூடாது. ஆகவே கேள்வி முழுவதும் தேதிகளைப் பற்றியது: எந்த நாளில் தொடங்குவது, இடையில் எப்போது நிறுத்தி வைப்பது, எந்த நாளோடு முடிப்பது. இவற்றில் கடைசித் தேதிதான் மிகுந்த தவறுகளுக்கு இடம் கொடுப்பது.

எல்லாச் சொத்துக்கும் இந்த முறை கிடையாது. பயன்பாட்டுக்குத் தயாராவதற்குக் கணிசமான காலம் பிடிக்கும் சொத்துக்கு மட்டுமே உண்டு. வாங்கியவுடன் ஓட்டக்கூடிய லாரிக்கு இல்லை. ஒன்றரை ஆண்டு கட்ட வேண்டிய ஆலைக்கு உண்டு. கணிசமான காலம் என்றால் எவ்வளவு என்பதற்கு ஏஎஸ் 16 சாதாரணமாக 12 மாதம் என்று அளவு சொல்கிறது. இண்ட் ஏஎஸ் 23 மாதக் கணக்கு எதையும் சொல்லாமல் நிறுவனத்தின் தீர்ப்புக்கு விடுகிறது.

விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு கற்பனை நூற்பாலையை வைத்துப் பார்க்கலாம். பட்டியலிடப்பட்ட ஒரு ஜவுளி நிறுவனம் ரூ.60 கோடியில் புதிய நூற்பாலை கட்டத் தீர்மானிக்கிறது. ரூ.40 கோடியை இந்த ஆலைக்கென்றே வங்கியில் 9 சதவீத வட்டிக்கு டெர்ம் லோனாகப் பெறுகிறது. ஆலை முடியும்வரை அசலைத் திருப்பத் தேவையில்லை. மீதியை நிறுவனத்தின் பொதுக் கடன்களிலிருந்து எடுக்கிறது. அந்தப் பொதுக் கடன்கள் இரண்டு: 10 சதவீதத்தில் ரூ.30 கோடி டிபெஞ்சர், 12.5 சதவீதத்தில் ரூ.20 கோடி நடைமுறை மூலதனக் கடன்.

நிலத்தை 2023 ஜனவரி 1 அன்று ரூ.6 கோடிக்கு, பொதுக் கடனிலிருந்து வாங்குகிறார்கள். ஜூன் கடைசி வரை அங்கே எதுவும் நடக்கவில்லை. ஜூலை 1 அன்று கட்டட வரைபடம் போடத் தொடங்கி, அனுமதிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இந்த நிலத்துக்கான வட்டி எந்த நாளிலிருந்து ஆலையின் விலையில் சேரும்?

மூன்று நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேறிய நாளிலிருந்து என்கிறது தரம். சொத்துக்காகப் பணம் செலவாகியிருக்க வேண்டும். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும். சொத்தைத் தயாராக்கும் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். ஜனவரியில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. நிலத்தை வாங்கிச் சும்மா போட்டிருப்பது வேலை ஆகாது. ஆகவே ஜனவரி முதல் ஜூன் வரையிலான ஆறு மாத வட்டி செலவாகவே போகும். ஜூலையில் தளத்தில் ஒரு கல்கூட விழவில்லை என்றாலும் மூலதனமாக்கல் தொடங்கிவிடும். ஏனெனில் வரைபடம், அனுமதி போன்ற தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளும் சொத்தைத் தயாராக்கும் வேலைகளே. பூமி பூஜை நடந்த நாளைத் தொடக்கமாகக் கொள்ளும் வழக்கத்துக்குத் தரத்தில் ஆதாரம் இல்லை.

அடுத்து, எவ்வளவு வட்டி. ஆலைக்கென்றே வாங்கிய கடனில் கணக்கு நேரானது: உண்மையில் ஏறிய வட்டி, அதிலிருந்து கடன் பணத்தைத் தற்காலிகமாக முதலீடு செய்து கிடைத்த வருமானத்தைக் கழித்தால் மீதி. நம் நிறுவனம் ரூ.40 கோடியையும் 2023 அக்டோபர் 1 அன்றே பெற்றுக்கொள்கிறது. 2024 மார்ச் வரை ஆறு மாத வட்டி ரூ.1.80 கோடி. ஒப்பந்ததாரர்களுக்கு உடனே கொடுக்க வேண்டியிராத ரூ.25 கோடி நான்கு மாதம் 6 சதவீத வைப்புத்தொகையில் இருந்து, ரூ.50 லட்சம் வட்டி ஈட்டுகிறது. ஆகவே ஆலையின் விலையில் ஏறுவது ரூ.1.30 கோடி.

பொதுக் கடனுக்கு இப்படி நேர்கணக்குப் போட முடியாது. எந்த ரூபாய் நிலத்துக்குப் போனது, எந்த ரூபாய் பஞ்சு வாங்கப் போனது என்று பிரிக்க இயலாது. அதனால் எடையிட்ட சராசரி விகிதம் ஒன்று கணக்கிடப்படுகிறது. டிபெஞ்சரின் ஆண்டு வட்டி ரூ.3 கோடி, மற்றக் கடனின் வட்டி ரூ.2.5 கோடி, ரூ.50 கோடிக் கடனுக்கு மொத்தம் ரூ.5.5 கோடி, அதாவது 11 சதவீதம். டெர்ம் லோன் ஆலைக்கென்றே உள்ளது என்பதால் இந்தச் சராசரியில் சேராது. நிலத்தின் ரூ.6 கோடிக்கு ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு 11 சதவீதம் என்றால் ரூ.49.5 லட்சம். முன்பு சும்மா கிடந்த ஆறு மாதத்துக்கு இதே விகிதத்தில் வரும் ரூ.33 லட்சம் சேராது. முதல் நிதியாண்டில் மூலதனமானது மொத்தம் ரூ.1.795 கோடி. கண்டிப்பாகப் பார்த்தால், முன்பு ஏற்றிய வட்டியும் அடுத்த கணக்கில் செலவுத் தொகையோடு சேரும்; இங்கே எளிமை கருதி அது விடப்பட்டிருக்கிறது.

இங்கே இரண்டு வரம்புகளைக் கவனிக்க வேண்டும. பொதுக் கடனிலிருந்து ஏற்றும் வட்டி, அந்தக் கடன்களுக்கு உண்மையில் ஆன வட்டியைத் தாண்டக் கூடாது. அடுத்தது, பங்குதாரர்களின் பணத்துக்கு இவ்வளவு வட்டி ஆகியிருக்கும் என்று கற்பனையாக எழுத முடியாது. அதனால் ஒரே மாதிரியான இரண்டு ஆலைகளில், கடனில் கட்டியது ஏட்டில் விலை கூடுதலாகவும், சொந்தப் பணத்தில் கட்டியது குறைவாகவும் தெரியும். இந்த முறையின் உண்மையான குறை இது. இரண்டு நிறுவனங்களின் சொத்து மதிப்பை ஒப்பிடுபவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: எந்தத் தொகைக்கு வட்டி கணக்கிடுவது என்பதில் கொடுக்கப்பட்ட பணம்தான் கணக்கு. ஒப்பந்ததாரரின் பில்லில் ரூ.4 கோடியை உத்தரவாதத் தொகையாக நிறுவனம் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு வட்டி கிடையாது. ஆலையின் அடக்கத்தில் அந்த ரூ.4 கோடி உண்டு, ஆனால் வட்டிக் கணக்கில் இல்லை. ஆலையின் மதிப்பு ரூ.60 கோடியாக இருந்தும் நம் கணக்கு ரூ.56 கோடியைத் தாண்டாதது இதனால்தான்.

இரண்டாம் நிதியாண்டில் பொதுக் கடனிலிருந்து இன்னும் ரூ.10 கோடி, 2024 ஜூலை 1 அன்று செலவாகிறது. டெர்ம் லோன் முழுவதும் இப்போது வேலைக்குள் இறங்கிவிட்டது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. தளத்தில் தண்ணீர் தேங்கி இரண்டு வாரம் வேலை நிற்கிறது. அதன் பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய மூன்று மாதம், ஒப்பந்ததாரரோடு பணத் தகராறு ஏற்பட்டு வேலை முற்றாக நிற்கிறது.

இரண்டு நிறுத்தங்களும் ஒன்றல்ல. அந்தப் பகுதியில் கட்டுமானக் காலத்தில் வழக்கமாக எதிர்பார்க்க வேண்டிய இயற்கைத் தடையால் வேலை தாமதமானால் வட்டி தொடர்ந்து ஏறலாம். வெள்ளக் காலத்தில் ஆற்றில் நீர் உயர்ந்து பாலப் பணி தாமதமாவதைத் தரமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அக்டோபர் மழை எந்தப் பொறியாளரும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். தகராறு அப்படியல்ல. ஆலையைத் தயாராக்குவதற்கு அந்த மூன்று மாத நிறுத்தம் தேவைப்படவில்லை. வேலை நீண்ட காலம் நிற்கும்போது மூலதனமாக்கலும் நின்றே ஆக வேண்டும். அந்தக் காலத்து வட்டி, பாதி கட்டிய சொத்தை வைத்திருப்பதற்கான செலவு மட்டுமே. தகராறு நடந்தபோதும் இயந்திரங்களின் வடிவமைப்பு, சோதனை போன்ற கணிசமான தொழில்நுட்ப வேலை வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தால் நிறுத்தத் தேவையில்லை. அதற்குச் சான்று இருக்க வேண்டும். வேலை நடந்ததாகக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதாது.

அதன்படி இந்த ஆண்டில் டெர்ம் லோன் வட்டி ரூ.3.60 கோடியில் மூன்று மாதத்துக்கான ரூ.90 லட்சம் செலவாகிறது, ரூ.2.70 கோடி சேர்கிறது. பொதுக் கடனில் முதல் மூன்று மாதம் ரூ.6 கோடிக்கு ரூ.16.5 லட்சமும், அடுத்து ரூ.16 கோடிக்கு, நின்ற மூன்று மாதத்தைத் தள்ளி ஆறு மாதத்துக்கு ரூ.88 லட்சமும் சேர்கின்றன. ஆண்டு மொத்தம் ரூ.3.745 கோடி.

இனி முடியும் தேதி. 2025 மே மாதக் கடைசியில் புளோ ரூம், கார்டிங், சிம்ப்ளக்ஸ், ரிங் ஃபிரேம், கோனிங் என எல்லாப் பிரிவுகளும் நிறுவப்பட்டு, சோதனை ஓட்டமும் முடிந்துவிட்டது. நூலின் தரம் எதிர்பார்த்தபடி வந்துவிட்டது. அலுவலக அறைக்கு வண்ணம் பூசுவதும் சுற்றுச்சுவர் ஓரத்தில் நடைபாதை போடுவதும் மட்டும் பாக்கி. ஆனால் நூல் விலை சரிந்திருக்கிறது, ஆர்டர் குறைவு. இயக்குநர் குழு திறப்பு விழாவைச் செப்டம்பர் 15க்குத் தள்ளி வைக்கிறது. வட்டியை அதுவரை ஆலையின் விலையிலேயே சேர்த்துக்கொண்டு போகச் சொல்கிறது.

இது தவறு. சொத்தைத் திட்டமிட்ட பயன்பாட்டுக்குத் தயாராக்கும் வேலைகளில் ஏறக்குறைய எல்லாம் முடிந்த நாளோடு மூலதனமாக்கல் நிற்க வேண்டும் என்பதே விதி. சிறிய ஒப்பனை வேலைகள், வழக்கமான நிர்வாக வேலைகள் பாக்கியிருப்பது அந்த நாளைத் தள்ளாது. பயன்படுத்தத் தொடங்கிய நாளும் இதில் கேள்வியில்லை. பயன்படுத்தத் தயாரான நாள்தான் கேள்வி. சந்தை மந்தமாக இருப்பதும், ஆர்டர் வராததும், விழாவுக்கு அமைச்சரின் தேதி கிடைக்காததும் ஆலையின் நிலையை மாற்றுவதில்லை. மே 31க்குப் பிறகு ஏறும் வட்டி, தயாரான ஆலையைச் சும்மா வைத்திருப்பதன் விலை. அது லாப நஷ்டக் கணக்குக்கு வந்தாக வேண்டும்.

தொகையைப் பார்த்தால் இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். ஜூன் முதல் செப்டம்பர் 15 வரை மூன்றரை மாதத்துக்கு டெர்ம் லோன் வட்டி ரூ.1.05 கோடி, ரூ.16 கோடிக்கான பொதுக் கடன் வட்டி ஏறக்குறைய ரூ.51 லட்சம். இந்த ரூ.1.56 கோடியை ஆலையில் மறைத்து வைத்தால், அந்த ஆண்டின் லாபம் அவ்வளவு கூடுதலாகத் தெரியும். 15 ஆண்டுத் தேய்மானம் என்று கொண்டால், பின்வரும் ஒவ்வோர் ஆண்டும் சுமார் ரூ.10 லட்சம் இழப்பு வரும். முதலில் பங்கு வாங்கியவர் பொய்யான லாபத்தைப் பார்க்கிறார். பிறகு வருபவர் அதற்கு விலை கொடுக்கிறார். சரியாகச் செய்தால், ஏப்ரல், மே மாதங்களுக்கு டெர்ம் லோனில் ரூ.60 லட்சம், பொதுக் கடனில் ஏறக்குறைய ரூ.29 லட்சம் மட்டுமே ஏறும். மூன்று ஆண்டுகளிலும் மொத்தம் சுமார் ரூ.6.43 கோடி வட்டி ஆலையின் விலையில் சேரும்.

தயாரான நாளைத் தீர்மானிப்பது எப்போதும் இவ்வளவு எளிதாக இருக்காது. உயர் அழுத்த மின் இணைப்பு வராத ஆலையில் இயந்திரங்களை ஓட்டிச் சோதிக்கவே முடியாது. அங்கே கட்டடம் முடிந்ததால் மட்டும் ஆலை தயாராகிவிட்டது என்று சொல்வது சரியல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி இல்லாமல் சட்டப்படி ஓட்ட முடியாத நிலையில், அந்த அனுமதி வெறும் வழக்கமான நிர்வாக வேலையா, தயாராக்கும் வேலையின் பகுதியா என்ற கேள்வி நியாயமாகவே எழும். அனுமதிக்காகப் புகைபோக்கியிலோ கழிவுநீர் அமைப்பிலோ உண்மையான மாற்றம் நடந்துகொண்டிருந்தால், ஆலை தயாராகவில்லை என்ற வாதத்துக்கு வலு உண்டு. விண்ணப்பமே தராமல் காத்திருந்தால் அந்த வாதம் நிற்காது.

பகுதி பகுதியாக முடியும் ஆலைகளில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. புளோ ரூம் மார்ச்சிலேயே முடிந்தது, ரிங் ஃபிரேம் மே வரை ஆனது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்குப் போய்த்தான் நூலாக வேண்டும். புளோ ரூம் மட்டும் தனியாக எதையும் விற்க முடியாது. ஆகவே கடைசிப் பிரிவு முடியும்வரை முழு ஆலைக்கும் வட்டி ஏறும். வெவ்வேறு பட்டறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் எஃகு ஆலையைத் தரம் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அதற்கு மாறாக, பஞ்சிலிருந்து கோன் வரை முழுமையான இரண்டு தனி வரிசைகளைக் கட்டி, முதல் வரிசை மே மாதமே நூல் தரக்கூடிய நிலையில் இருந்தால், அந்த வரிசையின் பங்குக்கான வட்டி அப்போதே நிற்க வேண்டும். இரண்டாவது முடியவில்லை என்பது காரணமாகாது.

ஆலை தயாரான பின்னும் டெர்ம் லோன் பாக்கியிருக்கும். அது இனி ஆலைக்கென்ற கடன் அல்ல, பொதுக் கடன்களில் ஒன்று. இந்தத் தெளிவுரை இண்ட் ஏஎஸ் 23இல் 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் உடனே இரண்டாவது ஆலையைத் தொடங்கினால் சராசரி விகிதம் மாறும்: ரூ.90 கோடிக் கடனுக்கு ரூ.9.1 கோடி வட்டி, அதாவது சுமார் 10.1 சதவீதம்.

வருமான வரியில் இதே தேதிகள் வேறாகப் பார்க்கப்படுகின்றன. இந்த எடுத்துக்காட்டின் ஆண்டுகளுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொத்து முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை உள்ள வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. கணக்குப் புத்தகம் தயாரான நாளைக் கேட்கிறது. வரித்துறை பயன்படுத்திய நாளைக் கேட்கிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் 15 வரையிலான வட்டி புத்தகத்தில் செலவாக இருக்க, வரிக் கணக்கில் ஆலையின் விலையில் சேரும். வைப்புத்தொகை வட்டியிலும் வேறுபாடு உண்டு. புத்தகத்தில் அது கடன் வட்டியிலிருந்து கழிகிறது. உற்பத்திக்கு முன் கடன் பணத்தை வைப்பில் போட்டு ஈட்டிய வட்டி தனி வருமானமாக வரிக்குட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் சொன்னது. இந்த வேறுபாடுகளை மறந்து, வரிக்கான தேதியையே புத்தகத்திலும் எழுதிவிடுவது நடைமுறையில் எளிதாக நேரக்கூடிய தவறு.

பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் இந்தத் தேதிகளை நேரடியாகப் பார்க்க முடியாது, ஆனால் ஆண்டறிக்கையில் தடயங்கள் இருக்கும். ஆண்டில் எவ்வளவு வட்டி மூலதனமானது, எந்தச் சராசரி விகிதத்தில் என்பதை இண்ட் ஏஎஸ் 23 படி சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து, முடியாத கட்டுமானப் பணிகளின் தொகையை ஓராண்டுக்குக் குறைவு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்; இடையில் நிறுத்தப்பட்ட திட்டங்களைத் தனியாகக் காட்ட வேண்டும். இயக்குநர் அறிக்கையில் ஜூனிலேயே சோதனை உற்பத்தி வெற்றிகரமாக முடிந்ததாகப் பெருமையாக எழுதியிருந்து, வட்டி அக்டோபர் வரை ஆலையில் ஏறியிருந்தால் இரண்டில் ஒன்று பொருந்தவில்லை. எல்லாவற்றிலும் தெளிவான தடயம் வேறு: கட்டுமானப் பணித் தொகை ஓராண்டில் கூடியிருக்கிறது, அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வட்டி மட்டுமே, சிமென்டுக்கோ இயந்திரத்துக்கோ ஏறக்குறைய எதுவும் செலவாகவில்லை என்றால், அந்தத் தளத்தில் வேலை நின்று நாளாகிவிட்டது, அல்லது ஆலை ஏற்கெனவே தயாராகிவிட்டது.